வருடா வருடம் தேயும் மின்சாரம், மாறாத விலை: ஒரு சோலர் கூரையின் பெறுமதியை எப்படிக் கணக்கிடுவது?

தம்பலகாமத்தில் ஒரு நெல் ஆலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய தகரக் கூரை, பகல் முழுக்க வெயில். முதலாளி அதன்மேல் 100 கிலோவாட் சோலர் போட நினைக்கிறார். விற்க வந்தவர் ஒரு தாளில் எழுதிக் காட்டுகிறார்: வருடத்துக்கு 150,000 அலகு, மின் வலைக்கு விற்றால் அலகுக்கு 20 ரூபா, ஒப்பந்தம் 20 வருடம். ஆக வருடத்துக்கு 30 இலட்சம், 20 வருடத்துக்கு 600 இலட்சம். செலவு வெறும் 160 இலட்சம். "இதுக்கு மேல என்ன யோசனை அண்ணை?"

யோசிக்க இருக்கிறது. ஆளுடைய பெருக்கல் சரி, ஆனால் அந்த 600 இலட்சம் என்ற தொகை எந்தக் காலத்திலும் யாருடைய கையிலும் இருக்கப்போவதில்லை. அதை அப்படியே 160 இலட்சத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் முடியாது. காரணம் இரண்டு. பனல் தேய்கிறது. காசின் பெறுமதியும் காலத்தோடு குறைகிறது. இரண்டையும் ஒரே சூத்திரத்தில் அடக்கலாம், அது பாடசாலைக் கணிதத்தைத் தாண்டாது. (20 ரூபா என்பது கணக்குக்காக நான் எடுத்த விலை. உங்களுடைய ஒப்பந்தத்தில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

முதலில் தேய்வு. வெயில், சூடு, ஈரம் மூன்றும் சேர்ந்து பனலை மெல்ல மெல்லப் பலவீனப்படுத்துகின்றன. கலங்களை இணைக்கும் கம்பிகள் வெப்பத்தில் விரிந்து சுருங்கிக் களைக்கின்றன, கண்ணாடிக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் படலம் மஞ்சளிக்கிறது, ஓரத்தால் ஈரம் ஏறுகிறது. உலகம் முழுக்க எடுத்த அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க சக்தி ஆய்வுகூடம், தேய்வின் நடு அளவு வருடத்துக்கு 0.5 வீதம் அளவில் இருப்பதாகக் கண்டது. சூடான, உப்புக் காற்றடிக்கும் இடங்களில் இதைவிடக் கொஞ்சம் கூட்டி எடுப்பது நல்லது. திருகோணமலைக்கு நான் 0.7 வீதம் எடுக்கிறேன்.

முதல் வருடம் 150,000 அலகு என்றால் இரண்டாம் வருடம் 148,950. பத்தாம் வருடம் ஏறத்தாழ 140,800. இருபதாம் வருடம் 131,250 அளவு. எல்லாவற்றையும் கூட்டி 20 ரூபாவால் பெருக்கினால் 562 இலட்சம் வரும். விற்பனைக்காரரின் 600 இலட்சத்தில் 38 இலட்சம் போய்விட்டது. விலை மாறாதது என்பதால் அலகு எத்தனை வீதம் குறைகிறதோ அத்தனை வீதம் வருமானமும் குறையும். ஈடுசெய்ய விலையேற்றம் எதுவும் வராது.

இப்போது காலம். இன்று கையில் 100 ரூபா இருந்தால், அதை வருடத்துக்கு 12 வீதம் தரும் ஒன்றில் போட்டு அடுத்த வருடம் 112 ரூபாவாக எடுக்கலாம். திருப்பிச் சொன்னால், அடுத்த வருடம் வரப்போகும் 112 ரூபா இன்றைய 100 ரூபாவுக்குச் சமம். இந்த 12 வீதம்தான் கழிவு வீதம். ஆலைக்காரர் கடன் எடுக்கும் வட்டி, அவருடைய சொந்தக் காசு வேறு எங்கே எவ்வளவு உழைக்கும் என்பது, இந்தத் திட்டத்தின் ஆபத்து ஆகியவற்றைப் பார்த்து அதை முடிவு செய்ய வேண்டும். வருடக் கடைசியில் வரும் வருமானத்தை, எத்தனை வருடம் கழித்து வருகிறதோ அத்தனை தடவை 1.12 ஆல் வகுத்தால் இன்றைய பெறுமதி கிடைக்கும்.

இருபதாம் வருடத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த வருடம் பனல் தேய்ந்து 26.25 இலட்சம்தான் வரும். தேயாமல் இருந்திருந்தால் 30 இலட்சம். இழப்பு 3.75 இலட்சம், கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 1.12 ஐ இருபது தடவை பெருக்கினால் 9.65. அதனால் வகுத்தால் அந்த இழப்பின் இன்றைய பெறுமதி வெறும் 39,000 ரூபா. தேய்வு அதிகமாகக் கடிக்கும் வருடங்களெல்லாம் தூரத்தில் இருக்கின்றன, தூரத்தில் இருப்பதைக் கழிவு வீதம் ஏற்கெனவே சின்னதாக்கிவிட்டது.

இருபது வருடத்தையும் இப்படி ஒவ்வொன்றாக வகுத்துக் கூட்டலாம். எக்செல்லில் இருபது வரி, அவ்வளவுதான். ஆனால் குறுக்குவழி ஒன்று உண்டு. அது வேலையைக் குறைப்பதோடு, உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் காட்டிவிடும் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒப்பந்தம் 20 வருடத்தில் முடியாமல் என்றென்றைக்கும் ஓடுகிறது என்று கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் வருடா வருடம் 0.7 வீதம் குறைந்துகொண்டே, ஆனால் முடியாமல் வருகிறது. அப்படி ஒரு வருமானத்துக்கு இன்று என்ன விலை கொடுக்கலாம்? V என்ற விலை கொடுக்கிறீர்கள் என்போம். முதல் வருடம் வரும் 30 இலட்சம் இரண்டு வேலை செய்ய வேண்டும். போட்ட காசுக்கு 12 வீத வட்டி தர வேண்டும். அதோடு, ஒரு வருடம் கழித்து அந்தச் சொத்தே 0.7 வீதம் சுருங்கியிருக்கும், அந்தக் குறையையும் அடைக்க வேண்டும். ஆக 30 இலட்சம் என்பது V இன் 12.7 வீதம். V = 30 ÷ 0.127 = 236.2 இலட்சம்.

பார்த்தீர்களா? தேய்வு வீதம் கழிவு வீதத்தோடு போய்க் கூடிவிட்டது. தேயும் சொத்தை வாங்குவது, கொஞ்சம் கூடிய வட்டியில் தேயாத சொத்தை வாங்குவது போன்றதே. 0.7 வீதத் தேய்வு உங்களுக்கு ஏறத்தாழ 0.7 வீத வட்டி உயர்வாகத்தான் தெரியும்.

ஆனால் ஒப்பந்தம் 20 வருடம்தான். எனவே 21 ஆம் வருடத்திலிருந்து வரும் பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். 20 வருடம் கழித்து அந்த வருமானம் முதலில் இருந்ததில் 86.9 வீதமாகத் தேய்ந்திருக்கும், அப்போதைய பெறுமதியும் 236.2 இன் 86.9 வீதம், அதாவது 205 இலட்சம். அதை 9.65 ஆல் வகுத்து இன்றைக்குக் கொண்டுவந்தால் 21.3 இலட்சம். 236.2 இலிருந்து 21.3 ஐக் கழித்தால் 214.9 இலட்சம். இதுதான் இருபது வருட வருமானத்தின் இன்றைய பெறுமதி. எக்செல்லில் எழுத வேண்டுமானால் முதல் வருட வருமானத்தை B1 இலும், தேய்வு வீதத்தை B2 இலும், கழிவு வீதத்தை B3 இலும், வருட எண்ணிக்கையை B4 இலும் வைத்து:

```
=B1*(1-((1-B2)/(1+B3))^B4)/(B2+B3)
```

தேய்வே இல்லையென்று B2 இல் பூச்சியம் போட்டால் 224.1 இலட்சம் வரும். ஆகவே 20 வருடத் தேய்வு நம்மிடமிருந்து உண்மையில் எடுப்பது 9 இலட்சம், அதாவது 4 வீதம். கழிக்காமல் கூட்டிப் பார்த்தபோது 6 வீதத்துக்கு மேல் தெரிந்தது. பனல் உத்தரவாதப் பத்திரங்களில் தேய்வு இப்படிப் பெருக்கலாக இல்லாமல் நேர்கோடாக இருக்கும். முதல் வருடம் 2 வீதம், பிறகு வருடத்துக்கு 0.55 வீதம், 25 ஆம் வருட முடிவில் 84.8 வீதம் என்பது வழக்கமான ஒரு வாசகம். முதல் வருடத்தின் அந்தக் கூடுதல் இறக்கத்தை B1 இலேயே கழித்துவிட்டு மீதியைச் சூத்திரத்தில் விட்டால் போதும்.

எந்த வருடம் எவ்வளவு பெறுமதி தருகிறது என்றும் இதே சூத்திரத்தால் அறியலாம். B4 இல் 20 க்குப் பதிலாக 7 போடுங்கள். 134.5 இலட்சம் வரும். மொத்தப் பெறுமதியில் 63 வீதம் முதல் ஏழு வருடத்திலேயே வந்துவிடுகிறது! இது இலங்கையில் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2016 இல் வந்த கூரைச் சூரிய மின் திட்டத்தில் முதல் 7 வருடம் அலகுக்கு 22 ரூபா, அதன்பின் 20 ஆம் வருடம் வரை 15 ரூபா 50 சதம் என்று விலை நிர்ணயித்தார்கள். சாதாரண சராசரி எடுத்தால் 17 ரூபா 78 சதம். ஆனால் ஏழு வருடத்தையும் மீதி பதின்மூன்று வருடத்தையும் தனித்தனியாகக் கழித்துக் கூட்டினால், நமது ஆலையின் 12 வீதக் கணக்கில், அது 20 வருடமும் ஒரே விலையாக 19 ரூபா 57 சதம் தருவதற்குச் சமம். சராசரியை நம்பி ஒதுங்கியவர்கள் அலகுக்கு ஒரு ரூபா எண்பது சதத்தைக் குறைத்து மதித்திருப்பார்கள்.

இனி, ஆட்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம். மாறாத விலை என்றால் ரூபாவில் மாறாதது. பொருட்களின் விலை வருடத்துக்கு 6 வீதம் ஏறினால், இருபதாம் வருடம் வரும் 20 ரூபாவுக்கு முதல் வருடத்து 6 ரூபா 60 சதத்துக்கு வாங்கக்கூடியதைத்தான் வாங்கலாம். பனல் 12 வீதம் தேய்ந்திருக்கும்போது விலை மூன்றில் இரண்டு பங்கு தேய்ந்திருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் வருடத்துக்கு 70 வீதம் அளவுக்கு ஏறியதை நாம் எல்லோரும் கடையில் அனுபவித்தோம். அதற்கு முன் கையெழுத்திட்டவர்களின் 22 ரூபா அந்த வருடமும் 22 ரூபாவாகத்தான் வந்தது.

சரி, இதற்குக் கணக்கில் தனியாக ஏதும் செய்ய வேண்டுமா? வேண்டாம். வங்கி சொல்லும் 12 வீதத்துக்குள் விலையேற்றம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. பிழை எங்கே வருகிறது என்றால், யாரோ ஒருவர் கெட்டித்தனமாக அந்த 12 வீதத்திலிருந்து 6 வீத விலையேற்றத்தை நீக்கி, மீதி 5.66 வீதத்தை B3 இல் போடும்போது. விடை 335 இலட்சமாக ஊதிவிடும். விலையேற்றத்தை நீக்கிய வீதத்தைப் பயன்படுத்தினால் வருமானத்திலிருந்தும் விலையேற்றத்தை நீக்க வேண்டும், ஒன்றில் நீக்கி மற்றதில் விட்டால் 120 இலட்சம் காற்றில் பிறக்கும். ஒரு திட்ட அறிக்கையில் வட்டி சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

செலவுப் பக்கம் நேரெதிர். வருமானம் தேய்ந்துகொண்டே போக, செலவு விலையேற்றத்தோடு வளர்ந்துகொண்டே போகும். கழுவுதல், காப்புறுதி, சின்னச் சின்னத் திருத்தம் எல்லாவற்றுக்கும் முதல் வருடம் 2.5 இலட்சம், பிறகு வருடத்துக்கு 6 வீத ஏற்றம் என்று எடுக்கிறேன். அதே சூத்திரம்தான், B1 இல் 2.5 இலட்சமும், B2 இல் 0.7 வீதத்துக்குப் பதிலாக மறை 6 வீதமும் போட்டால் 27.8 இலட்சம் வரும். இன்வேர்ட்டர் இருபது வருடம் உழைக்காது, பன்னிரண்டாம் வருடம் 15 இலட்சத்துக்கு மாற்றுவதாக வைத்தால் இன்றைய பெறுமதி 3.9 இலட்சம். 214.9 இலிருந்து இரண்டையும் கழித்தால் 183 அளவு. போடும் முதல் 160. மிச்சம் 23 இலட்சம்.

விற்பனைக்காரரின் தாளில் 440 இலட்சம் இலாபம் போலத் தெரிந்தது, உண்மையில் 23 இலட்சம். திட்டம் கூடாது என்று நான் சொல்லவில்லை. 12 வீதத்தைக் கொடுத்த பிறகும் 23 இலட்சம் மிஞ்சுகிறது, நல்ல திட்டம்தான். ஆனால் அந்த 23 எவ்வளவு உறுதியானது என்று தட்டிப் பார்க்க வேண்டும். தேய்வை 0.7 இலிருந்து 1.5 வீதமாக, இரண்டு மடங்குக்கு மேல் கூட்டுகிறேன். மிச்சம் 13.5 இலட்சமாகக் குறைகிறது, ஆனாலும் பிழைக்கிறது. அடுத்து, தேய்வைப் பழையபடி விட்டுவிட்டு முதல் வருட உற்பத்தியை மட்டும் 10 வீதம் குறைக்கிறேன். மிச்சம் 2 இலட்சத்துக்கும் கீழே போய்விடுகிறது. கடைசியாக மற்றதெல்லாம் பழையபடி இருக்க, கழிவு வீதத்தை 15 ஆக்குகிறேன். 4 இலட்சம் நட்டம். எல்லோரும் பனல் எத்தனை வருடம் உழைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். பணம் நிற்பதும் விழுவதும் முதல் வருட அலகிலும் வட்டியிலும்தான்.

அப்படியானால் 150,000 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்? கிலோவாட்டுக்கு வருடத்துக்கு 1,500 அலகு என்பது நமது உலர் வலயத்துக்கு எட்டாத கனவு இல்லை, ஆனால் கூரை சுத்தமாகவும் நிழலின்றியும் இருக்க வேண்டும். நெல் ஆலைக் கூரையில் உமித்தூசி படியும். நிலாவெளிப் பக்கம் கடலோரக் கூரையென்றால் உப்புப் படலம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான் அடிக்கும் காலத்தில் மழையும் இல்லை, தூசி அப்படியே கிடக்கும். வாடைக் காற்றோடு மாரி வந்ததும் கழுவிவிடும், ஆனால் அப்போது வானம் மூடியிருக்கும். கார்த்திகை, மார்கழி அலகுகளை ஆடி மாத அலகுகளோடு ஒப்பிட்டு "பனல் போயிட்டுது" என்று பதறுவதில் அர்த்தமில்லை. ஒரு மாதத்தை அடுத்த வருடத்து அதே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

அதுவும் போதாது. வருடத்துக்கு வருடம் வெயிலே சில வீதம் கூடிக் குறையும், 0.7 வீதத் தேய்வு அதற்குள் மறைந்துவிடும். அதனால் கூரையில் ஒரு வெயில்மானி இருந்தால், விழுந்த வெயிலுக்கு எத்தனை அலகு வந்தது என்ற விகிதத்தைப் பார்க்கலாம். மூன்று நான்கு வருடம் அந்த விகிதத்தைக் கோடாக வரைந்தால் கதை தெரியும். மெல்லச் சரிந்தால் தேய்வு. மாதக்கணக்கில் இறங்கி, கழுவியதும் அல்லது மழை பெய்ததும் பழைய இடத்துக்கு ஏறினால் தூசி. ஒரே நாளில் படி இறங்கியது போல விழுந்து அங்கேயே நின்றால் ஒரு வரிசை பனல் துண்டிக்கப்பட்டிருக்கும், இணைப்பியையும் பியூசையும் பார்க்க வேண்டும். நல்ல வெயில் அடிக்கும் ஞாயிறு நண்பகலில் மட்டும் உற்பத்தி பூச்சியத்துக்கு விழுந்து எழும்பினால், ஆலை ஓடாததால் லைனில் வோல்டேஜ் ஏறி இன்வேர்ட்டர் தானாக நிற்கிறது.

இவற்றில் முதலாவது மட்டும்தான் B2 க்குரியது. தூசியும் வோல்டேஜும் B1 ஐக் குறைப்பவை. கோளாறு திருத்தினால் மீளும். எல்லாவற்றையும் தேய்வென்று B2 இல் கொட்டினால், கழுவித் தீர்க்கக்கூடிய ஒன்றை இருபது வருடமும் வளரும் நோயாகக் கணக்கில் எழுதிவிடுவீர்கள். மின் வலையே வாங்க மறுக்கும் நாட்களும் உண்டு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின் தேவை குறைவாக இருக்கும் என்று, கூரைச் சூரிய மின்னைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது. ஒப்பந்தத்தில் விலை உறுதி, அலகை எடுப்பது உறுதியா என்பதை வாசித்துப் பார்த்துத்தான் B1 ஐ எழுத வேண்டும்.

திருகோணமலைக் குடாவுக்கு அந்தப் பக்கம், சம்பூரில், நிலக்கரி மின் நிலையத் திட்டம் கைவிடப்பட்ட ஊரில், முதலில் 50 மெகாவாட், பிறகு 70 மெகாவாட் என்று சூரிய மின் நிலையத் திட்டம் ஒன்று உண்டு. 2025 ஏப்ரலில் அதன் தொடக்க நிகழ்வு நடந்தது. பொதுவாக இந்த அளவுத் திட்டங்களில் விலையை முன்கூட்டித் தந்துவிட்டு உள்ளே வா என்று கூப்பிட மாட்டார்கள், எந்த விலைக்குத் தருவாய் என்று கேட்பார்கள். அப்போது இதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். நமது ஆலையின் எண்களிலேயே செய்து பார்ப்போம். முதலும் செலவுகளுமாக இன்றைய பெறுமதி 160 + 27.8 + 3.9, அதாவது 191.7 இலட்சம். இதை அலகால் வகுத்தால் அலகொன்றுக்குக் குறைந்தபட்சம் என்ன விலை வேண்டும் என்று தெரியும்.

எந்த அலகால்? இருபது வருடத்து அலகுகளையும் நேரே கூட்டினால் 28 இலட்சம் அலகு, விலை 6 ரூபா 82 சதம். இந்த விலைக்குக் கையெழுத்துப் போட்டவர் கடனோடு நிற்பார். மேலே உள்ள செலவைக் காலத்தால் கழித்துவிட்டுக் கீழே உள்ள அலகைக் கழிக்காமல் விட்டதுதான் பிழை. அலகுக்குமா கழிவு என்று கேட்பார்கள். ஆம், இருபதாம் வருட அலகு இருபதாம் வருடத்தில்தான் காசாகும். B1 இல் வருமானத்துக்குப் பதிலாக 150,000 ஐப் போடுங்கள், 10.75 இலட்சம் அலகு வரும். 191.7 ஐ அதனால் வகுத்தால் 17 ரூபா 83 சதம். தேய்வை மறந்திருந்தால் 17 ரூபா 11 சதம் என்று வந்திருக்கும். தேய்வுக்கு அலகில் 72 சதம், அதை முதல் நாளே விலைக்குள் போட்டுவிட வேண்டும், ஏனெனில் பிறகு இருபது வருடத்துக்கு அதைக் கேட்க வழியில்லை.